ஆப்ப சோடாவும் அடிக்கடி ஷாம்புவும்: தலைமுடிச் சாயம் போகுமா, முடி என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்ப சோடா போட்டுத் தலைக்குக் குளிச்சா டை போயிடும்னு நிறைய வீடியோவுல சொல்றாங்க. நிஜமா போகுமா?

எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது. பெராக்சைடு கலக்காமல் நேராகப் பூசும் ஃபேஷன் நிறங்கள் (ஊதா, நீலம், பிங்க் போன்றவை) சோடாவாலும் அழுத்தமான ஷாம்புவாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கும். நரையை மறைக்க நம் வீடுகளில் போடும் கருப்பு, பிரவுன் டைகள் அப்படியல்ல. அவற்றில் வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் உதிரிச் சாயம் மட்டும் முதல் சில குளியல்களில் போகும். அதற்கு சோடா தேவையில்லை, ஷாம்புவே போதும். உள்ளே பிடித்த சாயம் சோடாவுக்கு அசையாது.

வீடியோக்களில் வரும் 'முன்பு, பின்பு' படங்களில் பாதி, வெளுத்த முடியில் போட்ட ஃபேஷன் நிறங்கள். மீதிப் பாதியில் முதல் படம் எண்ணெய் வைத்த ஈர முடியாகவும், இரண்டாவது வெயிலில் எடுத்ததாகவும் இருக்கும். கருப்பு டை போட்டவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாரக்கணக்கில் சோடாவில் குளிப்பதுதான் பிரச்சினை. இந்தப் பக்கம் பெரும்பாலும் அவர்களுக்காகவே.

நான் போட்டது எந்த வகைன்னு எப்படித் தெரியும்? பாக்கெட்டுல "ஷாம்பு"ன்னுதான் போட்டிருந்துச்சு.

பெயரை நம்ப வேண்டாம். இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கலக்கும் விதம். இரண்டு டியூப்கள், அல்லது டியூபும் பாட்டிலும், அல்லது இரண்டு அறைகள் கொண்ட பாக்கெட் என்று வந்து, கலந்த கொஞ்ச நேரத்தில் கலவையின் நிறம் கருத்தால் அது ஆக்சிஜனேற்றத்தில் உருவாகும் நிரந்தரச் சாயம். "ஐந்தே நிமிட ஷாம்பு" என்று வருபவையும் பெரும்பாலும் இதே வகைதான். நுரை வருவதால் ஷாம்பு ஆகிவிடாது. தண்ணீரில் குழைக்கும் கருப்புத் தூளிலும் இதே வேதியியல்தான் நடக்கிறது. அதில் திரவ பெராக்சைடுக்குப் பதிலாக பேரியம் பெராக்சைடோ சோடியம் பெர்போரேட்டோ தூளாகவே கலந்திருக்கும். "பிளாக் ஹென்னா", "கருப்பு மருதாணி" என்ற பெயரில் விற்கும் தூள்கள் பலவற்றிலும் இதுவே இருக்கிறது. மருதாணி இலைக்குக் கருப்பு நிறம் தரும் குணம் கிடையாது. அரை மணி நேரத்தில் கருப்பு வந்தால் அது இலையின் வேலை அல்ல.

இரண்டாவது, அட்டையின் பின்புறப் பட்டியல். பாரா ஃபினிலின் டையமின் (சுருக்கமாக பிபிடி) அல்லது டொலுவின் டையமின் இருந்தால் சந்தேகமே வேண்டாம், நிரந்தரச் சாயம்தான்.

உள்ளே போன சாயம் ஏன் வெளியே வராது? போன வழியிலேயே திரும்பி வரலாமே?

போகும்போது இருந்த அளவில் அது இப்போது இல்லை.

முடியின் மேல்தோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. டை கலவையில் உள்ள அம்மோனியா அல்லது அதற்கு இணையான காரப் பொருள் முடியை ஊதச் செய்து செதில்களை லேசாகத் தூக்குகிறது. பிபிடி மிகச் சிறிய மூலக்கூறு, தனியே இருக்கும்போது அதற்குப் பெரிதாக நிறமும் கிடையாது. அது செதில்களின் வழியாக நுழைந்து நடுப்பகுதிக்குப் போய்விடும். அங்கே பெராக்சைடு அதை ஆக்சிஜனேற்றம் செய்ய, ரெசார்சினால் போன்ற துணைப் பொருள்களோடு கைகோத்துப் பெரிய நிற மூலக்கூறாக மாறுகிறது. கட்டிலைப் பிரித்துத் துண்டு துண்டாக அறைக்குள் கொண்டுபோய் உள்ளே பூட்டிவிட்டால் பிறகு கதவு வழியாக வெளியே எடுக்க முடியாதல்லவா, அதுதான் கதை.

சோடாவும் காரம்தான், அதுவும் முடியை ஊத வைக்கும். ஆனால் அது கதவை லேசாகத் திறக்குமே தவிர உள்ளே பூட்டியதைப் பிரிக்காது. பிரிப்பதற்கு வேறு வகை வேதிப்பொருள் வேண்டும். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

சோடா எவ்வளவு போடணும்? கூடப் போட்டா சீக்கிரம் போகுமா?

போகாது. சோடா கரைசலின் காரத்தன்மை ஒரு சிட்டிகை போட்டாலும் ஒரு கைப்பிடி போட்டாலும் ஏறத்தாழ ஒன்றுதான். பி.எச். அளவு 8.3 வாக்கில் நின்றுவிடும். இதைக் கவனித்தால் இன்னொன்றும் புரியும். டை கலவையின் பி.எச். பெரும்பாலும் 9-க்கும் 10.5-க்கும் இடையில். அதைத் தாங்கி உள்ளேயே உருவான நிறத்தை, அதைவிட மென்மையான காரம் எப்படி வெளியேற்றும்?

அளவைக் கூட்டினால் கூடுவது உராய்வு மட்டும்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோடா முழுமையாகக் கரைந்துவிடும். ஷாம்புவில் குழைத்துப் பசையாகத் தேய்க்கும்போது பாதிக்கு மேல் கரையாமல் மணல்மணலாக நிற்கும். அதை வைத்துத் தலையைத் தேய்ப்பது, முடிக்கும் தோலுக்கும் உப்புக்காகிதம் போடுகிற வேலை.

சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று சோடாவைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யவே கூடாது. கொதிக்கும்போது கரியமில வாயு வெளியேறி, ஆப்ப சோடா மெல்ல சலவைச் சோடாவாக மாறுகிறது. அதன் பி.எச். 11-ஐ நெருங்கும். ஒரு ஆப்பச் சட்டிக்கான பொருளை வைத்துக்கொண்டு துணி துவைக்கும் காரத்தைத் தயாரித்து விடுகிறோம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். தலையில் போட்டால் பிசுபிசுப்புதான் மிச்சம்.

கிளாரிஃபையிங் ஷாம்புன்னா என்ன? எங்க ஊர்க் கடையில அந்தப் பேர்ல எதுவும் இல்லையே.

சாதாரண ஷாம்பு அழுக்கை எடுத்துவிட்டு, முடியை வழவழப்பாக்கும் சிலிகானையும் வேறு பொருள்களையும் விட்டுச் செல்லும். கிளாரிஃபையிங் ஷாம்பு எதையும் விட்டுச் செல்லாது. சோடியம் லாரில் சல்ஃபேட் போன்ற வலுவான நுரைப் பொருள்களும், தண்ணீரின் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ போன்றவையும் அதில் இருக்கும். அந்தப் பெயரில் கிடைக்காவிட்டால் 'டீப் கிளீன்' என்று எழுதிய ஷாம்புவையோ சாதாரண பொடுகு ஷாம்புவையோ எடுத்துக்கொள்ளலாம். பாத்திரம் துலக்கும் திரவம் வேண்டாம். அதுவும் எண்ணெயைப் பிரிக்கும் என்பது உண்மைதான், தலைத்தோலை நினைத்துச் செய்தது அல்ல.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சாயத்தை மங்கச் செய்வதில் பெரிய பங்கு ஷாம்புவுக்கு இல்லை, தண்ணீருக்கே. நனைந்த முடி சுமார் 15 சதவீதம் பருக்கும். ஒவ்வொரு முறை பருத்துச் சுருங்கும்போதும் கொஞ்சம் சாயம் கசியும். 'சல்ஃபேட் இல்லாத ஷாம்பு போட்டேன், ஆனாலும் கலர் போச்சே' என்று பலர் வருத்தப்படுவதற்கும் இதுதான் காரணம். சூடான தண்ணீரில் கசிவு கூடும்.

போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இன்னொரு வேடிக்கை நடக்கும். கால்சியமும் மெக்னீசியமும் படிந்து முடி மங்கலாக, சாயம் இன்னும் கருப்பாகத் தெரியும். இடிடிஏ உள்ள ஷாம்பு அந்தப் படிவை எடுத்ததும் நிறம் இளகியது போலத் தோன்றும். சாயம் போகவில்லை, மேலே இருந்த திரைதான் போயிருக்கிறது. பலருக்கு அந்த மாற்றமே போதுமானதாக இருக்கும், மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவைப்படாது.

டை போட்டு ரெண்டு நாள்தான் ஆச்சு. ரொம்பக் கருப்பா, விக் வெச்ச மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை விசேஷம். என்ன பண்ணலாம்?

இந்த நிலையில்தான் ஷாம்பு உண்மையாகவே உதவும். எங்கள் பார்லருக்கு வந்த ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன், உங்களுக்கும் பொருந்தும்.

அவருக்குத் தோள் வரை முடி, முன்பக்கம் நிறைய நரை. மகள் நிச்சயதார்த்தத்துக்காக வீட்டிலேயே 'நேச்சுரல் பிளாக்' போட்டிருக்கிறார். அட்டையில் அரை மணி நேரம் என்று இருந்தது. நரை சரியாகப் பிடிக்க வேண்டுமே என்று ஒரு மணி நேரம் விட்டிருக்கிறார். வேரில் மட்டும் தடவாமல், ஏற்கெனவே பல முறை டை ஏறிய நுனி வரை இழுத்துப் பூசியிருக்கிறார். பழைய சாயத்தின் மேல் புதியது ஏறி, நுனி வெளிச்சத்திலும் துளி பளபளப்பு இல்லாத கருப்பாகிவிட்டது. வரும்போதே சோடா டப்பாவையும் பையில் கொண்டு வந்திருந்தார்.

டப்பாவைப் பைக்குள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டு, முடியை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாக நனைத்தோம். டீப் கிளீன் ஷாம்புவை வேரில் போடாமல் காது மட்டத்துக்குக் கீழே போட்டு, மூன்று நான்கு நிமிடம் விரலால் அளைந்துகொண்டே இருந்தோம். நுரை சாம்பல் கலந்த பழுப்பாக வந்தது. அலசிவிட்டு இன்னொரு முறை அதேபோல். இரண்டாவது நுரையில் நிறம் குறைந்திருந்தது. பிறகு கண்டிஷனர் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து அலசினோம். ஒரு நாள் இடைவெளி விட்டு வீட்டில் இதையே ஒரு முறை செய்யச் சொன்னேன். அடுத்த முறை செய்தபோது நுரை வெள்ளையாகவே வந்ததாகச் சொன்னார். அங்கே நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

நுரையின் நிறம்தான் இதில் அளவுகோல். நுரையோ, துடைக்கிற வெள்ளைத் துண்டோ கறைபடும் வரை உதிரிச் சாயம் இன்னும் இருக்கிறது, கழுவுவதில் பலன் உண்டு. நுரை வெளுத்துவிட்டால் மிச்சமிருப்பது உள்ளே பூட்டியது. அதற்குப் பிறகு எத்தனை முறை கழுவினாலும் முடிதான் தேயும்.

அவருக்குக் கிடைத்த பலன் என்ன? நிழலில் பார்த்தால் இன்னும் கருப்புதான். வெயிலில் அடர் பிரவுன் தெரிந்தது, நெற்றியோரத்தில் மை பூசியது போல் இருந்தது இளகியிருந்தது. ஒரு படி குறைந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். இதைவிட அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அடுத்த முறைக்கு அவரிடம் சொன்னது: அட்டைப் படத்தைவிட வீட்டில் போடும் நிறம் கருத்துத்தான் வரும், அதனால் கருப்புக்குப் பதில் அடர் பிரவுன் வாங்குங்கள், வேரில் மட்டும் போடுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்.

நான் மூணு வாரமா சோடாவும் ஷாம்புவும் மாத்தி மாத்திப் போட்டுட்டேன். இப்போ நுனி செம்பட்டை, வேர் கருப்பு. என் பழைய நிறம் ஏன் வரல?

பழைய நிறம் அங்கே இல்லை என்பதுதான் பதில்.

நிரந்தர டையில் உள்ள பெராக்சைடு சாயத்தை உருவாக்குவதோடு நிற்பதில்லை, முடியின் இயற்கை நிறமியான மெலனினையும் கொஞ்சம் வெளுக்கிறது. சாயம் இருக்கும்வரை அது தெரியாது. சாயம் மங்க மங்க, அடியில் வெளுத்துப்போன சிவந்த பழுப்பு எட்டிப் பார்க்கும். நம் முடியில் கருமை தரும் மெலனின் வெளுக்கும்போது சிவப்பு, ஆரஞ்சு என்ற வழியில்தான் வெளுக்கும். ஆகவே எவ்வளவு கழுவினாலும் நீங்கள் திரும்பிப் போகும் இடம் டை போடுவதற்கு முந்தைய நாள் அல்ல.

நுனியும் வேரும் வேறுபடுவதற்குக் காரணம் வயது. தோள் வரையுள்ள முடியின் நுனி இரண்டு வருடத்துக்கு மேல் வெயிலும் சீப்பும் பழைய டையும் பார்த்தது, செதில்கள் தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். சாயத்தை வேகமாகக் குடிக்கும், வேகமாகவே விட்டும்விடும். வேரில் இருப்பது புது முடி, பிடித்த சாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுவக் கழுவ இந்த இடைவெளி அகலும். நீங்கள் மங்கச் செய்ய விரும்பிய வேர் அப்படியே இருக்க, தொடத் தேவையில்லாத நுனிதான் விலை கொடுக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது கழுவுவதை நிறுத்துவதும், நுனியை ஓரளவு வெட்டுவதும். நுனிக்கு மட்டும் பெராக்சைடு இல்லாத அடர் பிரவுன் நிறம் கொடுத்து வேரோடு ஒத்துப்போகச் செய்யலாம். பார்லரில் இதைச் சுலபமாகச் செய்வார்கள்.

சோடா முடியை என்னதான் பண்ணும்? என் பாட்டி காலத்துல சோப்பு போட்டே தலை குளிச்சாங்களே.

நியாயமான கேள்வி. சோப்புக் கட்டியின் பி.எச். 9-லிருந்து 10, சோடாவைவிடக் காரம். ஒரே ஒரு முறை நன்றாகக் கரைத்த சோடாத் தண்ணீர் பட்டதற்காக யார் முடியும் கொட்டிவிடாது. அந்தப் பயமுறுத்தல் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பாட்டியின் முடிக்கும் உங்கள் முடிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அவர் முடியில் டை ஏறவில்லை.

புது முடியின் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் உண்டு. செதிலோடு வேதிப் பிணைப்பால் ஒட்டியிருக்கும் அந்தப் படலம்தான் தண்ணீரை வழுக்கிவிட்டு, ஒரு முடியோடு ஒரு முடி உரசாமல் காக்கிறது. காரமும் பெராக்சைடும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும். ஒரு முறை நிரந்தர டை போட்டாலே அது பெரும்பாலும் போய்விடுகிறது, திரும்ப முளைப்பதும் இல்லை. எண்ணெய் தேய்த்தால் எண்ணெய் படியும், அந்தப் படலம் வராது. டை பெட்டிக்குள் கண்டிஷனர் பாக்கெட்டும் சேர்த்து வைத்திருப்பது இதனால்தான்.

இந்தக் காப்பு இல்லாத முடிமேல் சோடா வருகிறது. முடி இன்னும் பருக்கிறது, செதில்கள் தூக்கிக்கொள்கின்றன. காரத்தில் முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் கூடுவதால் இழைகள் ஒன்றையொன்று விலக்கி, உலர்ந்ததும் பறக்கும், சிக்குப் போடும். பருத்து ஊறிய நிலையில் சிக்கெடுக்கும்போது தூக்கிய செதில்கள் உடைந்து விழும். சோடா முடியை அறுப்பதில்லை, சீப்புக்கு அறுக்க வழி செய்து கொடுக்கிறது. ஆகவே ஒரு தடவை என்பதும் பத்துத் தடவை என்பதும் ஒன்றல்ல. சேதம் கூட்டுவட்டி போல ஏறுவதற்குக் காரணம், போன முறை உடைந்த செதிலின் வழியாக இந்த முறை இன்னும் அதிகத் தண்ணீர் உள்ளே போவதுதான்.

எப்போது எல்லை தாண்டியது என்று கண்டுபிடிக்க, உதிர்ந்த ஒரு ஈர முடியை இரண்டு விரல்களுக்கு இடையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். திரும்பாமல் நீண்டபடியே தொங்கினாலோ, இழுத்த உடனே துண்டானாலோ இனி காரம் எதுவும் அந்த முடியில் படக்கூடாது. நுனியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அவை முடி உடையப்போகிற இடங்கள், பேன் ஈர் என்று நினைத்துச் சுரண்ட வேண்டாம்.

சேதமான முடியைக் காக்க வீட்டில் இருப்பதில் உருப்படியானது தேங்காய் எண்ணெய். குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு தடவினால் அது முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. நல்லெண்ணெய்க்கும் இந்தக் குணம் அதே அளவுக்கு இருக்கும் என்று எண்ண வேண்டாம். கடலை மாவோ சீயக்காயோ தேய்ப்பவர்கள் நன்றாகச் சலித்த தூளைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுங்கள். கொரகொரப்பான தூளைத் தேய்த்தால் சோடாப் பசைக்குச் சொன்னதே அதற்கும்.

சோடா போட்டதுக்கப்புறம் வினிகர் ஊத்தினா சரியாயிடும்னு சொல்றாங்களே?

காரம் நீங்கும், தூக்கிய செதில்கள் ஓரளவு படியும், முடி தொட்டால் வழவழப்பாக இருக்கும். உடைந்த செதில் ஒட்டாது. ஒரு மக் தண்ணீருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் போதும், அலசிவிட வேண்டும். ஆனால் நல்ல கண்டிஷனரே லேசான அமிலத்தன்மையோடுதான் வருகிறது, மேற்பரப்பின் எதிர்மின்னேற்றத்தைச் சமன்செய்யும் பொருளும் அதில் இருக்கிறது. வினிகர் வாசனையோடு விசேஷத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

வைட்டமின் சி மாத்திரையைப் பொடி பண்ணி சோடாவோட கலந்து போடலாமா? பெராக்சைடு கொஞ்சம் சேர்த்தா?

வைட்டமின் சி அமிலம், சோடா காரம். கலந்ததும் பொங்கும் நுரையைப் பார்த்து ஏதோ பயங்கரமாக வேலை செய்கிறது என்று தோன்றும். வெளியேறுவது கரியமில வாயு மட்டுமே, இரண்டும் ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. வைட்டமின் சி மட்டும் தனியாக ஷாம்புவோடு சேர்ந்தால், புதிதாகப் போட்ட நிறத்தைக் கொஞ்சம் இளக்குவது உண்டு, ஏனென்றால் அது ஆக்சிஜனை எடுத்துவிடும் குணம் கொண்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் சப்பிச் சாப்பிடும் ஆரஞ்சு மாத்திரையில் சர்க்கரையும் நிறமும் சேர்ந்திருக்கும், அதைத் தலையில் தேய்த்தால் பிசுக்குதான்.

பெராக்சைடும் சோடாவும் கலப்பது வேறு விஷயம். மருந்துக்கடையில் 6 சதவீத பெராக்சைடு சாதாரணமாகக் கிடைக்கிறது. சோடாவின் காரம் அதை முடுக்கிவிடும், அது முடி வெளுக்கும் கலவை ஆகிவிடும். சாயம் போகிறதோ இல்லையோ, உங்கள் சொந்த மெலனின் வெளுத்து வேர் ஆரஞ்சாகும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வெளுக்கும் என்று வீட்டுக் கண்ணாடி முன் நின்று கணிக்க முடியாது. வேண்டாம்.

டை போட்டதிலிருந்து தலை அரிக்குது, நெத்தி வீங்கின மாதிரி இருக்கு. சோடாத் தண்ணியில கழுவினா அந்த டை போயிடுமில்ல?

சோடாவில் கழுவாதீர்கள். பிபிடி ஒவ்வாமை டை போட்ட ஓரிரு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் காட்டும். அரிப்பு, நெற்றியிலும் கண் இமையிலும் வீக்கம், காது மடலில் நீர்க்கசிவு எல்லாம் அதன் அடையாளங்கள். புண்ணான தோலில் சோடா எரிச்சலைத்தான் கூட்டும். மென்மையான ஷாம்புவால் ஒருமுறை அலசிவிட்டு அன்றே தோல் மருத்துவரைப் பாருங்கள். இமை மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஒருமுறை இப்படி வந்தவர்கள் பிபிடி உள்ள எதையும், கருப்பு மருதாணித் தூளையும் சேர்த்து, இனித் தொடக்கூடாது.

நான் போட்டது இலையில அரைச்ச நிஜ மருதாணி. அதுக்கு?

போகாது. மருதாணியின் லாசோன் என்ற நிறமி முடியின் புரதத்தோடு நேராகப் பிணைந்துகொள்கிறது. சோடாவுக்குக் கொஞ்சம் நிறம் மாறலாம், நீங்காது. வளர்ந்து வெட்டுவதுதான் வழி.

எதுவும் சரிவரல. பார்லர்ல போனா என்ன செய்வாங்க? வெளிர் நிற டையை மேல போட்டா ஆகாதா?

மேலே போட்டால் ஆகாது. கருப்புச் சாயத்தின் மேல் வெளிர் சாயம் ஏறித் தெரியாது. புதிதாக வளர்ந்த வேர் மட்டும் வெளிறும், கீழே கருப்பு அப்படியே இருக்கும்.

பார்லரில் இரண்டு வழிகள். ஒன்று, கலர் ரிமூவர். இது ஆக்சிஜனேற்றத்தைத் திருப்பும் கந்தகச் சேர்மம், அழுகிய முட்டை வாடை வரும். உள்ளே பூட்டிய பெரிய நிற மூலக்கூறை நிறமற்றதாக்கிச் சிறிதாக்குகிறது, பிறகு அது தண்ணீரோடு வெளியேறும். இயற்கை மெலனினைத் தொடாது என்பதால் முடிக்கு வெளுப்பதைவிடக் கெடுதல் குறைவு. இதில் அலசுவதுதான் பாதி வேலை. கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் அலசாமல் விட்டால், உள்ளே தங்கிய துண்டுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓரிரு நாளில் மறுபடி கருத்துவிடும். "போனது திரும்ப வந்துடுச்சு" என்று சொல்கிறவர்களில் பலர் அவசரமாக அலசியவர்கள். அதே நாளில் பெராக்சைடு உள்ள டையை மேலே போட்டாலும் இதே கதிதான். ரிமூவருக்குப் பிறகு தெரிவது, முன்பு சொன்ன அந்தச் சிவந்த பழுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, ப்ளீச். அதற்கு உட்காரும் முன் நீங்கள் கடந்த இரண்டு வருடத்தில் போட்டது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், பத்து ரூபாய் பாக்கெட் தூள், ஊர்த்திருவிழாவில் வாங்கிய தைலம், தினமும் தடவினால் மெல்ல மெல்லக் கருக்கும் திரவம் உட்பட. அந்தத் திரவங்களில் சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும், பெராக்சைடு பட்டதும் முடி சூடேறி உருகிப்போகும் அளவுக்கு வினை நடக்கும். அனுபவமுள்ளவர் சீப்பில் இருந்து எடுத்த சில முடிகளை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் பெராக்சைடும் சில துளி அம்மோனியாவும் விட்டு அரை மணி நேரம் போட்டுப் பார்ப்பார். கிண்ணம் சூடானாலோ, நுரைத்தாலோ, முடி நைந்தாலோ ப்ளீச் கிடையாது என்று சொல்லிவிடுவார். அந்தச் சோதனையைக் கேட்டாலும் செய்ய மறுக்கிற இடத்தில் உட்கார வேண்டாம்.